தீர்ந்த வழக்கை மறுபடியும் போட முடியுமா? ஒரு காணித் தகராற்றின் வழியே முன்தீர்ப்புத் தடை

காணி வழக்கில் தோற்றுப்போனவர் நீதிமன்ற வாசலிலேயே கேட்கும் முதற் கேள்வி, வேறொரு சட்டத்தரணியைப் பிடித்துப் புதிதாக ஒரு வழக்குப் போடலாமா என்பதுதான். ஹற்றனிலும் பண்டாரவளையிலும் நுவரெலியாவிலும் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. தீர்ப்பு சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும், கையில் இருப்பதோ அதன் ஒரு பிரதி மாத்திரமே, எந்த விடயம் முடிந்தது, எந்த விடயம் முடியவில்லை என்பது வீட்டில் ஒருவருக்கும் தெளிவாகத் தெரியாது. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இந்தக் கேள்விக்கான பதில் 'முடியாது' என்பதே. ஒரே தரப்பினருக்கிடையில், ஒரே விடயம் பற்றி, ஒரே காரணத்தின் பேரில், தகுதியுள்ள நீதிமன்றமொன்று இறுதியாகத் தீர்ப்பளித்துவிட்டால், அதையே மீண்டும் வழக்காக்க முடியாது என்ற விதியை முன்தீர்ப்புத் தடை என்கிறோம். சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் 'ரெஸ் ஜுடிக்காட்டா' என்ற இலத்தீன் பெயராலேயே அதைக் குறிப்பிடுவார்கள்.

விதியைச் சொல்வது சுலபம். அது எதை மூடுகிறது, எதைத் திறந்தே விடுகிறது என்பதில்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். முடிந்துபோன வழக்கைத் தொடரலாம் என்று நம்பிப் பணத்தை இழப்பவர்கள் ஒருபுறம் இருக்க, முடியாத விடயத்தை முடிந்துவிட்டதாக எண்ணிக் கைவிட்டு உரிமையை இழப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது இழப்பு வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகவே கற்பனையான ஒரு காணித் தகராற்றை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் கதவு மூடுகிறதா திறக்கிறதா என்று பார்ப்போம்.

அதற்கு முன்பு, இப்படி ஒரு விதி ஏன் இருக்கிறது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 'நீதிபதி பிழையாகத் தீர்த்துவிட்டார், பிழையான தீர்ப்பு எப்படி என்னைக் கட்டுப்படுத்தும்?' என்பது தோற்றவரின் வாதம். கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். ஆனால் ஒரு தீர்ப்பு சரியா பிழையா என்று அறிய வேண்டுமானால் அந்த வழக்கை முதலிலிருந்து மறுபடியும் விசாரிக்க வேண்டும். அப்படி விசாரித்து இரண்டாவது நீதிபதி வேறு முடிவுக்கு வந்தால், அப்போது தோற்பவரும் அதே வாதத்தோடு மூன்றாவது வழக்கைப் போடுவார். சரியான தீர்ப்பு மட்டுமே கட்டுப்படுத்தும் என்று வைத்துக்கொண்டால் எந்தத் தீர்ப்புமே கட்டுப்படுத்தாது என்றாகிவிடும். ஆதலால் சட்டம் பிழையைத் திருத்தப் பிரதானமான ஒரு வழியைத் தருகிறது. அதுவே மேன்முறையீடு. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும், தீர்ப்பின் திகதியிலிருந்து 60 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவும் கொடுக்க வேண்டும். அந்த வழியைப் பயன்படுத்தாமல் விட்டவருக்கு, பிழையான தீர்ப்பும் சரியான தீர்ப்பைப் போலவே இறுதியானது. ரோம சட்டத்திலிருந்து ரோம-டச்சுச் சட்டத்தின் வழியாகவும் ஆங்கிலச் சட்டத்தின் வழியாகவும் நமக்கு வந்த இந்த எண்ணத்தில் இரண்டு நோக்கங்கள் சேர்ந்திருக்கின்றன: வழக்குகளுக்கு ஒரு முடிவு இருப்பது பொதுநலனுக்குத் தேவை, ஒரே காரணத்துக்காக ஒருவரை இரண்டு தடவை நீதிமன்றத்துக்கு இழுத்து அலைக்கழிப்பது அநியாயம்.

இலங்கையில் இந்த விதி 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில், குறிப்பாக அதன் 207ஆம் பிரிவில் இருக்கிறது. மேன்முறையீட்டுக்கு உட்பட்டு, நீதிமன்றத் தீர்ப்பாணைகள் யாவும் தரப்பினருக்கிடையில் இறுதியானவை என்கிறது அந்தப் பிரிவு. அதன் கீழுள்ள விளக்கக் குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு வழக்கின் காரணத்தை அடிப்படையாக வைத்துத் தரப்பினர் கோரியிருக்கக்கூடிய அல்லது எதிர்வாதமாக முன்வைத்திருக்கக்கூடிய சொத்துரிமையோ, பணமோ, நட்டஈடோ, வேறெந்த நிவாரணமோ, உண்மையில் அவ்வழக்கில் கோரப்பட்டிருந்தாலும் கோரப்படாதிருந்தாலும், இறுதித் தீர்ப்பாணையோடு தீர்ந்துபோன விடயமாகிவிடும் என்பது அதன் சாரம். சொன்னது மட்டுமல்ல, சொல்லியிருக்கக்கூடியதும் முடிந்துபோகிறது என்ற இந்த இடமே முழு விதியிலும் மிகக் கடுமையானது. சாதாரண மக்கள் அறியாத இடமும் இதுவே.

இனி நமது தகராறு. தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவர், 2011இல் பண்டாரவளை நகருக்கு வெளியே 12 பேர்ச்சஸ் காணியொன்றை உறுதி எழுதி வாங்குகிறார். அவரை வாங்கியவர் என்றே அழைப்போம். காணி சரிவில் இருக்கிறது, கீழ் எல்லையில் ஒரு சிறு ஓடையும் மேல் எல்லையில் பழைய தேயிலைச் செடிகளின் ஒரு நிரையும் உள்ளன. 2015இல் மேல்பக்கத்து அயலவர் அந்த நிரையைத் தாண்டிக் கீழே இறங்கி ஒரு கல்மதில் கட்டி, ஏறக்குறைய 2 பேர்ச்சஸைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். வாங்கியவர் அப்போது கொழும்பில் மகன் வீட்டில் இருந்ததால், நான்கு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோதே மதிலைப் பார்க்கிறார். வாய்த்தர்க்கம் கைகலப்பாக மாறும் கட்டத்தில் பொலிஸ் தலையிட்டு, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிறது. நீதிமன்றம் விசாரித்து, அந்த 2 பேர்ச்சஸை அயலவரே தொடர்ந்து வைத்திருக்கலாம் என்று கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு செய்யவும் சட்டம் இடமளிப்பதில்லை.

மலையகத்தில் மிக அதிகமான தவறான முடிவுகள் எடுக்கப்படுவது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். நீதிமன்றம், பொலிஸ், சட்டத்தரணி, கட்டளை என்று ஒரு முழு வழக்குக்குரிய எல்லாமே நடந்து முடிந்திருப்பதால், காணி போய்விட்டது என்று குடும்பமே நம்பிவிடுகிறது. ஆனால் 66ஆம் பிரிவின் விசாரணை, காணி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. அமைதி குலையாமல் தடுப்பதே அதன் வேலை. அறிக்கை கொடுக்கப்பட்ட நாளில் காணியை யார் வைத்திருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பவற்றை மட்டுமே அது பார்க்கிறது. வாங்கியவர் நான்கு மாதம் பிந்தி வந்ததால் அந்த இரண்டு மாத எல்லையைத் தாண்டிவிட்டார், ஆகவே கட்டளை அயலவருக்குச் சாதகமாயிற்று. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு, இத்தகைய கட்டளை எதுவும் ஒருவர் குடியியல் வழக்கொன்றில் நிரூபிக்கக்கூடிய உரிமையைப் பாதிக்காது என்று தெளிவாகச் சொல்வதோடு, விசாரணையைத் தொடங்கும் நீதிபதி இதைத் தரப்பினருக்கு விளக்க வேண்டும் என்றும் கடமை விதிக்கிறது. விளக்கப்பட்டாலும், அது எந்த மொழியில் சொல்லப்பட்டது, பதற்றத்தோடு நின்றவர் காதில் எவ்வளவு விழுந்தது என்பது வேறு விடயம். எது எப்படியிருந்தாலும், உரிமை பற்றிய கேள்விக்கு இங்கே தீர்ப்பே இல்லை, தீர்ப்பில்லாத இடத்தில் முன்தீர்ப்புத் தடையும் இல்லை.

வாங்கியவருக்கு யாரோ இதைச் சொல்லிவைக்க, அவர் 2016இல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கிறார். 12 பேர்ச்சஸும் தனக்கே சொந்தமென்ற பிரகடனமும், 2 பேர்ச்சஸிலிருந்து அயலவரை வெளியேற்றும் கட்டளையும் அவருடைய கோரிக்கைகள். நீதிமன்ற ஆணையின் பேரில் நில அளவையாளர் ஒருவர் வந்து, தகராற்றுக்குரிய துண்டைப் படத்தில் தனித் துண்டாகக் காட்டுகிறார். அயலவர் தமது மறுமொழியில், அந்தத் துண்டைத் தாம் பத்து வருடங்களுக்கு மேலாக எதிர்ப்பின்றி ஆண்டு வருவதாகவும், அதனால் நீண்டகால ஆட்சியின் மூலம் தமக்கு உரிமை வந்துவிட்டதாகவும் சொல்கிறார். வாங்கியவரின் உறுதி இந்தத் துண்டை உள்ளடக்குகிறதா, அயலவர் பத்து வருட ஆட்சியால் உரிமை பெற்றாரா என்பவை பிரதான எழுவினாக்களாகின்றன. 2021இல் நீதிமன்றம் முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடையளித்து, வாங்கியவருக்குச் சார்பாகத் தீர்ப்பாணை வழங்குகிறது. அயலவர் மேன்முறையீடு செய்யவில்லை, 60 நாட்களும் கடந்துவிடுகின்றன.

கதவு இப்போதுதான் மூடுகிறது. எவ்வளவு தூரம் மூடுகிறது என்பதை, இதன் பின்பு நடக்கக்கூடிய முயற்சிகளை வைத்துப் பார்ப்போம்.

மறு வருடம் அயலவர் தன் தகப்பனாரின் பழைய பெட்டியைக் கிளறும்போது ஓர் உறுதி அகப்படுகிறது. அதில் அந்தத் தேயிலை நிரைக்குக் கீழேயும் சிறிது நிலம் தகப்பனாருக்கு எழுதப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. முந்திய வழக்கில் நீண்டகால ஆட்சியைப் பற்றி மட்டுமே பேசினோம், இந்த உறுதியைப் பற்றி நீதிமன்றம் ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஆகவே இது புது விடயம் என்று அவர் புது வழக்குப் போடுகிறார். இந்த வழக்கு நிற்காது. இந்தத் துண்டு யாருக்குச் சொந்தம் என்பதே முதல் வழக்கின் தகராறு. அதற்கு எதிர்வாதமாக உறுதியையும் அவர் முன்வைத்திருக்க முடியும், முன்வைத்திருக்கவும் வேண்டும். 207ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பு இதைத்தான் மூடுகிறது. ஆங்கில நீதிமன்றம் 1843இல் ஹென்டர்சன் எதிர் ஹென்டர்சன் வழக்கில் சொன்னதும் ஏறத்தாழ இதுவே: வழக்காடுபவர் தன் முழு வழக்கையும் ஒரே தடவையில் கொண்டுவர வேண்டும், கவனக்குறைவாலோ தற்செயலாலோ ஒரு பகுதியை விட்டுவிட்டேன் என்பதற்காக அதே விடயத்தை மறுபடி திறக்க முடியாது. சட்டத்தரணியைச் சந்திக்கப் போகும்போது கையில் அகப்பட்ட ஒரு தாளை மட்டும் எடுத்துப் போகாமல், வீட்டிலுள்ள பழைய உறுதிகள், படங்கள், வரிப் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் முதலிலேயே தேடி எடுத்துப் போக வேண்டியதன் காரணமும் இதுதான்.

தடை தோற்றவருக்கு மட்டும் உரியதல்ல, வென்றவரையும் அது கட்டுகிறது. தீர்ப்பு வந்த பின்பும் அயலவர் மதிலை இடிக்காமல் இருந்தால், வாங்கியவர் அதே வெளியேற்றத்தைக் கேட்டு இன்னொரு வழக்குப் போடத் தேவையில்லை. அவர் செய்ய வேண்டியது அந்த வழக்கிலேயே தீர்ப்பை நிறைவேற்றும் எழுத்தாணைக்கு விண்ணப்பிப்பது. அதற்குச் சட்டக்கோவையின் 337ஆம் பிரிவு பத்து வருட எல்லை வைத்திருக்கிறது. தீர்ப்புப் பத்திரத்தைப் பத்திரமாகச் சட்டம்போட்டு மாட்டிவைத்துவிட்டு அந்தப் பத்து வருடத்தையும் கடத்திவிடுபவர்களும் உண்டு.

பணக் கொடுக்கல் வாங்கலில் இதே கடுமை 34ஆம் பிரிவின் வழியாக வருகிறது. ஒரே கடன் பத்திரத்தின் பேரில் 5 இலட்சம் ரூபாய் வரவேண்டியிருக்கும்போது, முத்திரைச் செலவையும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் யோசித்து 3 இலட்சத்துக்கு மட்டும் வழக்குப் போட்டவர், வென்றாலும் தோற்றாலும், மிச்சம் 2 இலட்சத்துக்குப் பின்னர் வழக்குப் போட முடியாது. வழக்கின் காரணம் ஒன்றாக இருந்தால் கோரிக்கை முழுவதும் ஒரே வழக்கில் அடங்க வேண்டும், விட்ட பகுதி விட்டதுதான்.

நமது தகராற்றுக்குத் திரும்புவோம். 2022இல் அயலவர் தன் காணி முழுவதையும், தகராற்றுத் துண்டையும் சேர்த்து, இன்னொருவருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய புதியவர், 'நான் அந்த வழக்கில் தரப்பினன் அல்ல, ஆகவே தீர்ப்பு என்னைக் கட்டாது' என்கிறார். இந்த வாதமும் நிற்காது. தீர்ப்புக்குப் பின்பு தரப்பினர் ஒருவரிடமிருந்து உரிமையைப் பெற்றவர் அவருடைய இடத்திலேயே நிற்கிறார், விற்றவரிடம் இல்லாத உரிமையை அந்தப் புதியவர் பெற முடியாது. அயலவர் இறந்து அவருடைய பிள்ளைகள் வழக்குப் போட்டாலும் நிலைமை அதுவே. ஆனால் அதே விற்பனை 2015இல், அதாவது வழக்குத் தொடுக்கப்படுவதற்கு முன்பே நடந்திருந்தால், அந்தப் புதியவர் முன்பே உரிமை பெற்றவராகிறார். தனக்குப் பின்பு, தான் இல்லாமல், விற்றவருக்கு எதிராக நடந்த வழக்கின் முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது விற்கப்பட்டால் என்ன என்பது, வழக்கு நிலுவையிலிருப்பது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்பதைப் பெரிதும் பொறுத்தது. அந்தப் பதிவைச் செய்ய மறக்கும் வழக்காளி, முடிவில் வேறொரு புதிய எதிராளியோடு மல்லுக்கட்ட நேரிடலாம்.

இனி, அயலவரின் காணி உண்மையில் அவருக்கு மட்டும் சொந்தமில்லை, தகப்பன் வழியில் அவருடைய தங்கைக்கும் அரைப்பங்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம். தங்கை வழக்கில் தரப்பினராகச் சேர்க்கப்படவில்லை. அவர் தன் பங்குக்காகப் புது வழக்குத் தொடுத்தால், அண்ணனுக்கு எதிரான தீர்ப்பைக் காட்டி அவரைத் தடுக்க முடியாது. அண்ணன் தங்கை என்ற உறவு ஒருவரை மற்றவரின் சார்பாளராக ஆக்கிவிடாது. அவருடைய உரிமை அண்ணனிடமிருந்து வந்ததல்ல, இருவருக்கும் அது தகப்பனிடமிருந்து தனித்தனியே வந்தது. ஆகவே வாங்கியவர் 2016இல் வழக்குத் தொடுக்கும்போதே காணிப் பதிவகத்தில் தேடி, பங்குரிமையுள்ள எல்லோரையும் எதிராளிகளாகச் சேர்த்திருந்தால் இந்த இரண்டாவது சுற்றைத் தவிர்த்திருக்கலாம். அண்ணனும் தங்கையும் உள்ளூரப் பேசிவைத்துக்கொண்டுதான் இப்படி வருகிறார்கள் என்ற சந்தேகம் இங்கே எழுவது இயல்பு. அதை நிரூபிப்பது வேறு, நிரூபிக்கும் வரை சட்டம் தங்கையைத் தனி ஆளாகவே பார்க்கும்.

பாகப்பிரிவினை வழக்கில் மட்டும் இந்தக் கணக்கு மாறுகிறது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி அவ்வழக்கின் தீர்ப்பாணை, சில ஒடுங்கிய விதிவிலக்குகள் தவிர, தரப்பினரை மட்டுமன்றி எல்லோரையும் கட்டுப்படுத்தும். பங்குக் காணியில் நீதிமன்ற அறிவித்தல் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டும் 'எனக்கு அழைப்பாணை வரவில்லையே' என்று பேசாமல் இருப்பவர், தங்கைக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

கடைசியாக ஒரு முயற்சி. 2024இல், மதில் இடிக்கப்பட்டு வாங்கியவர் நிலத்தைப் பெற்ற பின்பு, அயலவர் மறுபடியும் இறங்கிவந்து அதே இடத்தில் வேலி போடுகிறார். இதற்காக வாங்கியவர் புது வழக்குத் தொடுத்தால், 'இந்த விடயம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது, ஆகவே வழக்குத் தடைப்படுகிறது' என்று அயலவர் சொல்ல முடியுமா? முடியாது. வழக்கின் காரணம் என்பது, எந்தத் தவறைத் தடுக்க அல்லது சரிசெய்ய வழக்குத் தொடுக்கப்படுகிறதோ அந்தத் தவறு என்று சட்டக்கோவையின் 5ஆம் பிரிவு வரையறுக்கிறது. 2015இன் அத்துமீறல் ஒரு தவறு, 2024இன் அத்துமீறல் இன்னொரு தவறு. ஆனால் இந்தப் புதிய வழக்கில் துண்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை மட்டும் அயலவர் மறுபடியும் கிளப்ப முடியாது, அது 2021இல் முடிந்துவிட்டது. புதிய வேலி எப்போது போடப்பட்டது, அதனால் எவ்வளவு நட்டம் என்பவையே விசாரிக்கப்படும். முன்தீர்ப்பு சில வேளை வழக்கு முழுவதையும் நிறுத்துகிறது, சில வேளை வழக்கினுள் இருக்கும் ஒரு கேள்வியை மட்டும் நிறுத்துகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால், நீதிமன்றத் தீர்ப்பொன்றை வாசிக்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதும் பிடிபட்டுவிடும்.

பார்க்க வேண்டிய இடங்கள் முறைப்பாடு, மறுமொழி, எழுவினாக்கள், அவற்றுக்கு நீதிபதி அளித்த விடைகள், தீர்ப்பாணை, அதோடு காணி வழக்கென்றால் நில அளவையாளரின் படம். கடைசித் தாளில் 'வழக்குத் தள்ளுபடி' என்றிருப்பதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்கக்கூடாது. விசாரணையின் பின்பு உரிமை இல்லை என்று தள்ளப்பட்டதா, அந்த நீதிமன்றத்துக்கு அதை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று தள்ளப்பட்டதா என்பது எழுவினாக்களின் விடைகளிலேயே தெரியும். இரண்டாவது வகையில் உரிமை பற்றிய முடிவு எதுவும் இல்லாததால் அதிகாரமுள்ள நீதிமன்றத்துக்குப் போகலாம். படம் ஏன் முக்கியமென்றால், மலைச்சரிவில் ஓடையும் தேயிலை நிரையும் மண்மேடும் எல்லைகளாக எழுதப்பட்ட காணிகளில், முந்திய வழக்கின் துண்டும் இப்போதைய துண்டும் ஒன்றுதான் என்று காட்டுவதே பெரும்பாடு. படம் இல்லாவிட்டால், சட்டம் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் தடை என்ற வாதம் அந்த ஓடைக்கரையிலேயே தடுமாறும்.

இந்தப் பத்திரங்கள் மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும், ஏனெனில் வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுகளின் மொழி அதுவே. ஆயினும் அந்த மொழி தெரியாத தரப்பினருக்கு, அரசின் செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும், தாம் சட்டப்படி பெறக்கூடிய பதிவின் பகுதிகளைத் தமிழில் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை கொடுக்கிறது. பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் காலம் எடுக்கலாம், முணுமுணுப்பும் கிடைக்கலாம், ஆனால் கேட்பவர் சலுகை கேட்கவில்லை. வழக்கு நடுவே செய்யப்படும் சமரசத்தில் கையெழுத்திடும் முன்பு இந்த உரிமை இன்னும் அவசியம். நீதிமன்றத்தில் பதியப்பட்ட சமரசமும் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவின்படி தீர்ப்பாணையாகி, அதில் அடங்கிய விடயம் அளவில் இறுதியாகிவிடுகிறது. 'வழியை மட்டும் விட்டுக்கொடுத்தோம் என்று நினைத்தோம், காணியையே எழுதிக்கொண்டார்கள்' என்று பிறகு சொல்வது எளிதில் எடுபடாது.

தடையைக் கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டாவது வழக்கில் இழுக்கப்பட்டவர் தம் மறுமொழியிலேயே அதைச் சொல்ல வேண்டும், முந்திய வழக்கின் பத்திரங்களுடைய உறுதிப்படுத்திய பிரதிகளைச் சமர்ப்பிக்க வேண்டும், அதை ஓர் எழுவினாவாக்க வேண்டும். நீதிபதி தாமாகவே பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சொல்லாமல் விட்டவர் அந்தப் பாதுகாப்பைக் கைவிட்டவராகவே கருதப்படலாம். சொன்னால், 147ஆம் பிரிவின்படி சட்டம் பற்றிய அந்த எழுவினாவை முதலில் விசாரித்து, சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டேறும் முன்பே வழக்கை முடிக்க நீதிமன்றத்தால் முடியும்.

தோட்டத் தொழிலாளர் ஒருவர் வேலை நீக்கப்பட்டால் வரும் கேள்வியும் இதற்கு அருகில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே விதி வேறு சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின்படி, தொழில் நியாய சபையில் விண்ணப்பித்து விசாரணை நடந்து முடிந்தால், அதே விடயத்துக்காக வேறெந்தச் சட்ட நிவாரணமும் அவர் தேட முடியாது. முதலில் வேறு நிவாரணத்தை நாடியவர் பிறகு நியாய சபைக்கும் வர முடியாது. ஆகவே எந்த வாசலில் முதலில் நுழைவது என்பதைத் தொழிற்சங்கத்தோடு நன்றாகப் பேசித் தீர்மானிக்க வேண்டும். ஆனால் வேலை நீக்கம் நியாயமா என்ற கேள்வி முடிந்துவிட்டது என்பதால் ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் முடிந்துவிட்டன என்று பொருளல்ல. அவை வேறு சட்டங்களின் கீழ் வரும் வேறு உரிமைகள்.

எல்லாவற்றையும் மீறித் தீர்ப்பைத் தாக்கக்கூடிய வழிகள் மிகச் சிலவே. ஒருவர் வராத நாளில் ஒருதலையாகத் தீர்ப்பாணை வழங்கப்பட்டிருந்தால், அது அவருக்குச் சேர்ப்பிக்கப்பட்ட 14 நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, வராததற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கிக்கொள்ளலாம். அந்த நாட்களை விட்டுவிட்டால், ஒருதலைத் தீர்ப்பும் முழுத் தீர்ப்பைப் போலவே கட்டும். வழக்காளி தன் முறைப்பாட்டில் குறை இருப்பதை நடுவழியில் உணர்ந்தால், மீண்டும் தொடுக்கும் அனுமதியோடு வழக்கை வாபஸ் பெறச் சட்டக்கோவையின் 406ஆம் பிரிவு இடமளிக்கிறது. அனுமதி கேட்காமல் வாபஸ் பெற்றவர் அதே விடயத்துக்காகத் திரும்பி வர முடியாது. மோசடியாலோ இரு தரப்பும் கூடிச் செய்த சூழ்ச்சியாலோ பெறப்பட்ட தீர்ப்பையும், அதிகாரமற்ற நீதிமன்றத்தின் தீர்ப்பையும், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி எதிர்த்துக் காட்டலாம். ஆனால் மோசடி என்பது, வழக்கு நடப்பதையே ஒருவருக்குத் தெரியாமல் மறைத்து, போலி அழைப்பாணைச் சேர்ப்பைக் காட்டித் தீர்ப்பெடுப்பது போன்றதாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்புச் சாட்சி கூண்டில் பொய் சொன்னார் என்பது மட்டும் பொதுவாகப் போதாது. அந்தப் பொய்யை வெளிப்படுத்த வேண்டிய இடம், அவர் கூண்டில் நின்றபோது நடந்த குறுக்கு விசாரணை.